இருவருக்கும் 6 புள்ளி, இரண்டாம் இடம் ஒருவருக்கு: பரிசளிப்பு மேடையில் அதை எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 10, இரவு 10.15 – போட்டி அமைப்பாளர்

நேற்று மாலை பள்ளிகளுக்கு இடையிலான சதுரங்கப் போட்டியின் பரிசளிப்பு நடந்தது. 64 மாணவர்கள், 7 சுற்றுகள், சுவிஸ் முறை. அமைப்பாளர் என்ற முறையில் உரை என்னுடையது. ஐந்து நிமிடம்தான் பேசினேன். அதில் ஒரே ஒரு வாக்கியம் நேற்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

முதலிடத்தில் சிக்கல் இல்லை, 6.5 புள்ளிகளுடன் ஒருவர் தனியாக நின்றார். அவருக்குக் கீழே எட்டாம் வகுப்பு மாணவி ஒருவரும் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரும் ஆளுக்கு 6 புள்ளிகள். அடுத்த கட்டப் போட்டிக்கு முதல் இருவர்தான் போகலாம். நான் மைக்கில் சொன்னது இது: “இருவரும் 6 புள்ளிகள் எடுத்திருக்கிறார்கள். ஆனால் கணினி இரண்டாம் இடத்தை இந்தத் தம்பிக்குக் கொடுத்திருக்கிறது.”

அந்தப் பெண் மூன்றாவது வரிசையில் இருந்தார். அழவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பி ஏதோ ஒரு சொல் கேட்டார். உதடுகள் அசைந்ததைப் பார்த்தேன், “கணினியா?” என்றுதான் கேட்டிருக்க வேண்டும். பிறகு மேடைக்கு வந்து மூன்றாம் பரிசை வாங்கிக்கொண்டு, எல்லாக் குழந்தைகளையும் போல வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

என் கேள்வி இதுதான். சம புள்ளி வந்தால் பரிசளிப்பு உரையில் டைபிரேக்கை விளக்க வேண்டுமா, அல்லது பெயரை மட்டும் படித்துவிட்டு அமர்ந்துவிடுவதா? விளக்கியே ஆக வேண்டும் என்பது இப்போதைக்கு என் கட்சி. ஆறு சுற்று வென்ற பிள்ளை, தான் ஏன் மூன்றாவது என்று தெரியாமல் வீட்டுக்குப் போகக் கூடாது.

பிப்ரவரி 10, இரவு 10.50 – வெள்ளைக்காய்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருவரும் மோதிய ஆட்டத்தில் யார் வென்றாரோ அவருக்குத்தான் முன்னிடம். “அவர் உன்னை வென்றார்” என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாமே.

பிப்ரவரி 10, இரவு 11.05 – போட்டி அமைப்பாளர்

இருவரும் மோதவே இல்லை. அங்கேதான் சங்கடம். 64 பேர் 7 சுற்று ஆடும்போது ஒருவர் 63 எதிராளிகளில் 7 பேரைத்தான் சந்திக்கிறார். நேருக்கு நேர் ஆட்டம் எங்கள் சுற்றறிக்கையிலும் முதல் விதியாக இருக்கிறது. ஆடாத ஆட்டத்துக்கு அது என்ன சொல்லும்? இருவருமே சாம்பியனிடம் மட்டும் தோற்று, மற்ற ஆறு பேரை வென்றவர்கள்.

பிப்ரவரி 11, காலை 6.20 – கட்டம்64

அப்படியானால் கடைசியில் தோற்றவருக்கு முன்னிடம். இதுதான் விதி. முதலில் தோற்றவருக்கு அதன்பிறகு எளிய எதிராளிகள் கிடைத்திருப்பார்கள். உங்கள் மாணவி எந்தச் சுற்றில் தோற்றார்?

பிப்ரவரி 11, காலை 7.00 – போட்டி அமைப்பாளர்

மாணவி ஆறாம் சுற்றில் தோற்றார். அதுவரை ஐந்துக்கு ஐந்து. மாணவர் நான்காம் சுற்றில் சாம்பியனைச் சந்தித்துவிட்டார். உங்கள் கணக்குப்படி மாணவிதான் இரண்டாவது.

ஆனால் அது நீங்கள் சொல்வதுபோல எல்லாப் போட்டிக்குமான விதி அல்ல. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கையில் இருந்த புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும் முறை அது. மாணவிக்கு 1, 2, 3, 4, 5, 5, 6, கூட்டினால் 26. மாணவருக்கு 1, 2, 3, 3, 4, 5, 6; கூட்டினால் 24. பல போட்டிகளில் இருந்தது, சிலவற்றில் இன்னும் இருக்கிறது. எங்கள் சுற்றறிக்கையில் இல்லை. போட்டி தொடங்கும் முன் அறிவிக்காத விதியை முடிவு வந்தபின் தேடி எடுக்க முடியாது.

உங்கள் காரணம் சரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் தோற்றவர் கீழே இறங்கி, தன்னைப் போலவே தோற்றவர்களோடு ஆடுவார். அதே கருத்தை நாங்கள் வைத்திருந்த புக்கோல்ஸ் கணக்கு வேறு வழியில் அளக்கிறது: நீ ஆடிய ஏழு எதிராளிகளும் கடைசியில் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று கூட்டு. கூட்டுத்தொகை பெரிதானால் நீ கடினமான பாதையில் வந்திருக்கிறாய்.

பிப்ரவரி 11, காலை 9.40 – பழைய நடுவர்

முப்பது ஆண்டுகளாகப் போட்டிகளில் நடுவராக இருக்கிறேன். உரையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். “கணினி கொடுத்தது” என்பது இந்த இடத்தில் சொல்லக்கூடாத சொல். புரூனோ புக்கோல்ஸ் அந்தக் கணக்கை வகுத்தது 1932இல். சுவிஸ் முறையே 1895இல் சூரிச்சில் ஜூலியஸ் முல்லர் நடத்திய போட்டியில் தொடங்கியது. எல்லாம் தாளும் பென்சிலும் கொண்டு செய்த வேலை. நான் நடுவரான புதிதில் கடைசிச் சுற்று முடிந்தபின் எதிராளி எண்களைப் பார்த்துக் கையால்தான் கூட்டுவோம், இன்னொருவர் சரிபார்ப்பார். இன்று கணினி கூட்டுகிறது, அவ்வளவே. எந்தக் கணக்கைக் கூட்டுவது என்று தீர்மானித்தது நீங்கள். பிள்ளைகளிடம் “நாங்கள் தேர்ந்தெடுத்த விதி” என்று சொல்லும் துணிவு அமைப்பாளருக்கு வேண்டும்.

இறுதிப் பட்டியலில் இந்த இருவரின் வரிகளையும், தாளின் அடியில் உள்ள விளக்க வரிகளையும் இங்கே போடுங்கள். பெயர் வேண்டாம்.

பிப்ரவரி 11, பிற்பகல் 1.10 – போட்டி அமைப்பாளர்

ஏற்கிறேன். “கணினி” என்று சொன்னபோது நான் எனக்கு ஓர் ஒளிவிடம் தேடிக்கொண்டேன் என்று இப்போது தெரிகிறது. கேள்வி வந்தால் என்னிடம் வராமல் இயந்திரத்திடம் போகட்டும் என்று நினைத்திருக்கிறேன்.

உரையை எப்படித் தயாரித்தேன் என்பதையும் எழுதுகிறேன். முதல் நாள் எழுதி வைத்த குறிப்பில் சம புள்ளி வந்தால் சொல்லலாம் என்று ஓர் உதாரணம் இருந்தது. 2013இல் லண்டனில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டி. கார்ல்சனும் கிராம்னிக்கும் 14 சுற்றில் ஆளுக்கு 8.5. கடைசிச் சுற்றில் இருவரும் தோற்றார்கள். அவர்களுக்குள் ஆடிய இரண்டு ஆட்டங்களும் டிரா. ஐந்து ஆட்டம் வென்றவர் கார்ல்சன், நான்கு வென்றவர் கிராம்னிக்; அந்த ஒரு வெற்றிதான் கார்ல்சனை அதே நவம்பரில் ஆனந்துக்கு எதிரே சென்னையில் உட்கார வைத்தது. உலகப் பட்டத்துக்கான வாசலே இப்படித்தான் திறந்தது என்றால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

நேரம் இல்லை என்று மேடையில் அந்தப் பகுதியை விட்டுவிட்டேன். விருந்தினர் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்று நிமிட விளக்கம் “கணினி” என்ற ஒரு சொல்லாகச் சுருங்கியது அப்படித்தான்.

பட்டியல் அலுவலக அலமாரியில் இருக்கிறது. மாலை எடுத்துப் போடுகிறேன்.

பிப்ரவரி 11, பிற்பகல் 3.30 – நாலாம் வகுப்பின் அம்மா

என் மகளின் பள்ளியில் சதுரங்கம் சொல்லித் தர ஆசிரியர் இல்லை. கோப்பை வழங்குவதில் இவ்வளவு சிரமம் இருந்தால், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிப் பதக்கம் கொடுத்துவிடலாமே?

பிப்ரவரி 11, மாலை 4.00 – வெள்ளைக்காய்

அம்மா, இது கோப்பையைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல. அடுத்த கட்டத்துக்கு யார் போவது என்ற கேள்வியும் இருக்கிறது. பதக்கம் எல்லாருக்கும் கொடுக்கலாம், இடம் இரண்டுதான்.

நேரடி ஆட்டம் பற்றி நான் அவசரப்பட்டுச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இன்னொன்று கேட்கிறேன்: இருவரையும் உட்கார வைத்து விரைவு ஆட்டம் ஆடச் சொல்லியிருக்கலாமே? 2025 டாடா ஸ்டீலில் பிரக்ஞானந்தாவும் குகேஷும் 8.5இல் சமமாக நின்றபோது அப்படித்தானே தீர்த்தார்கள்?

பிப்ரவரி 11, மாலை 5.15 – பழைய நடுவர்

சுற்றறிக்கையில் எழுதியிருந்தால் செய்யலாம். பள்ளிப் போட்டியில் எழுதாததற்குக் காரணம் உண்டு. ஒரே நாளில் ஏழு சுற்று ஆடிய பிள்ளையை எட்டாவதாக, அதுவும் 62 பேர் சுற்றி நின்று பார்க்க, மூன்று நிமிட ஆட்டத்துக்கு உட்கார வைப்பது எனக்கு ஒப்பவில்லை. இதில் என்னோடு மாறுபடும் நல்ல நடுவர்கள் இருக்கிறார்கள்.

பிப்ரவரி 11, இரவு 8.45 – போட்டி அமைப்பாளர்

பட்டியலைப் பார்த்து எழுதுகிறேன். இரண்டு வரிகள்:

```
Rk  Pts  TB1  TB2   TB3   TB4
2   6    0    31    28    24,5
3   6    0    30    29    23,5
```

2 என்பது மாணவர், 3 என்பது மாணவி. அடியில் உள்ள விளக்கம்: TB1 நேரடி ஆட்டம், TB2 புக்கோல்ஸ் முழுக் கூட்டு, TB3 புக்கோல்ஸ் ‘கட் 1’, TB4 சோனபோர்ன்-பெர்கர்.

எதிராளிகளின் இறுதிப் புள்ளிகளைச் சுற்று வரிசையில் நானே எடுத்து எழுதிக் கூட்டினேன்.

மாணவி: 1, 4, 4, 4.5, 5, 6.5, 5. மொத்தம் 30.
மாணவர்: 3, 3.5, 4.5, 6.5, 4, 4.5, 5. மொத்தம் 31.

கணக்கில் பிழை இல்லை. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். முதல் சுற்றில் மாணவிக்கு வந்த எதிராளி ஏழு சுற்றிலும் சேர்த்து ஒரே ஆட்டம் வென்ற சிறுவன். முதல் சுற்று இணைகளைத் தரவரிசைப் பட்டியல் தீர்மானிக்கிறது. அதில் மாணவியின் கை எதுவும் இல்லை.

பிப்ரவரி 11, இரவு 9.10 – பழைய நடுவர்

சுற்றறிக்கையில் டைபிரேக் வரிசை என்ன? அதையும் அப்படியே பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து வேண்டாம்.

பிப்ரவரி 11, இரவு 11.30 – போட்டி அமைப்பாளர்

பார்த்துவிட்டேன்.

சுற்றறிக்கை சொல்லும் வரிசை: நேரடி ஆட்டம், புக்கோல்ஸ் ‘கட் 1’, புக்கோல்ஸ் முழுக் கூட்டு, சோனபோர்ன்-பெர்கர்.

கட் 1 என்றால் ஏழு எதிராளிகளில் மிகக் குறைந்த புள்ளி எடுத்தவரை விட்டுவிட்டு மற்ற ஆறு பேரை மட்டும் கூட்டுவது. முதல் சுற்றில் தற்செயலாக மிக எளிய எதிராளி வாய்த்தவரை அது தண்டிக்கக் கூடாது என்பதற்காகவே வைக்கிறார்கள். நாங்களும் அதற்காகத்தான் அதை முன்னால் வைத்தோம். மாணவிக்கு 30இல் 1 போனால் 29. மாணவருக்கு 31இல் 3 போனால் 28.

இரண்டாம் இடம் மாணவியுடையது.

எப்படி நடந்தது என்பதும் தெரிந்துவிட்டது. சென்ற ஆண்டுப் போட்டியின் கோப்பைத் திறந்து, பெயர்களை நீக்கி, அதிலேயே இந்த ஆண்டுப் போட்டியை ஏற்றினேன். அந்தக் கோப்பில் முழுக் கூட்டு இரண்டாவது இடத்தில் இருந்தது. இந்த ஆண்டு சுற்றறிக்கையில் வரிசையை மாற்றினோம், மென்பொருளில் மாற்றவில்லை. செய்தது நான். கணினி ஒன்றும் செய்யவில்லை.

பிப்ரவரி 12, காலை 6.05 – கட்டம்64

பரிசு கொடுத்தபின் முடிவை மாற்ற முடியாது. எந்தப் போட்டியிலும் மாற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இறுதிப் பட்டியலை ஒட்டியபோது யாரும் ஆட்சேபிக்கவில்லை அல்லவா?

பிப்ரவரி 12, காலை 8.30 – பழைய நடுவர்

நண்பர் சொல்வதில் பாதி உண்மை. ஆட்ட முடிவுகளை மாற்றக் கூடாது. இங்கே யாரும் மாற்றவில்லை. ஆட்சேபத்துக்குக் காலக்கெடு வைப்பதும் சரியே. ஆனால் அந்தக் கெடு எதற்கு? பட்டியலைப் படித்துப் பார்க்க வாய்ப்புக் கொடுப்பதற்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளை தாளின் அடியில் பொடி எழுத்தில் உள்ள வரிசையைச் சுற்றறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதால் அவள் உரிமை போய்விடுமா? பட்டியலில் கையெழுத்திட்ட நடுவரின் வேலை அது. உங்கள் போட்டியின் நடுவரும் பார்க்கவில்லை.

விதிநூல் இதற்கு ஒற்றை வரியில் பதில் தரும் என்று நான் சொல்ல மாட்டேன். திருத்த வேண்டும் என்பது என் தீர்ப்பு.

இனிமேல் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றுக்கு முன்பே, அதாவது யார் சமமாக வருவார்கள் என்று யாருக்கும் தெரியாதபோதே, ஆறாம் சுற்றுப் பட்டியலை அச்சிட்டு அடியில் உள்ள விளக்க வரிகளைச் சுற்றறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முடிவு தெரிந்தபின் கண்டுபிடிக்கும் பிழைக்கு ஒரு முகம் வந்துவிடுகிறது.

பிப்ரவரி 12, இரவு 10.00 – போட்டி அமைப்பாளர்

இரண்டு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசினேன். முதலில் மாணவரின் வீட்டுக்கு. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிட்டுக் கெட்ட செய்திக்குத் தைரியம் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அது தவறு என்று மாற்றிக்கொண்டேன். இழக்கப்போகிறவர் பிறர் சொல்லி அறியக் கூடாது.

மாணவரின் அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “கோப்பையைத் திருப்பித் தரவேண்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவன் கையில் மேடையில் கொடுத்தது அவனுடையது. மாணவிக்கு அதே போன்ற இன்னொன்றைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். அடுத்த கட்டப் போட்டிக்கான இடம் மட்டும் இரண்டாகாது. அதை நடத்துகிறவர்களுக்கு நடந்ததை அப்படியே எழுதி, இருவரையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறேன்.

மாணவியின் அப்பா, “என் மகள் அன்றிரவே கூட்டிப் பார்த்துவிட்டாள் சார். 29 என்று சொன்னாள். நான்தான் பெரியவர்கள் சரியாகத்தான் செய்திருப்பார்கள் என்று அடக்கிவிட்டேன்” என்றார்.

சனிக்கிழமை அதே அரங்கில் சின்ன அளவில் கூடுகிறோம். மறுபடி நான் பேச வேண்டும். வரைவு:

“சென்ற வாரம் இந்த மேடையில் ஒரு தவறான முடிவை அறிவித்தேன். இருவரும் 6 புள்ளி. முதல் சுற்றில் மாணவி சந்தித்த எதிராளி 1 புள்ளிதான் எடுத்தார். மிகப் பலவீனமான எதிராளியைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும் என்பது நம் விதி. அவரை விலக்கினால் மாணவிக்கு 29, மாணவருக்கு 28. …”

குறை இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 13, காலை 10.20 – நாலாம் வகுப்பின் அம்மா

அந்த ஒரு புள்ளிச் சிறுவனும் அரங்கில் இருப்பானா?

முன்பு நான் கேட்டதை நீங்கள் எல்லாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதில் வருத்தம் இல்லை. எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் என் மகள் சென்ற ஆண்டு ஒரு போட்டியில் ஒரே ஆட்டம் வென்றாள். அந்த ஓர் ஆட்டத்தை வீட்டில் எத்தனை நாள் பேசினோம் தெரியுமா. பரிசளிப்பில் பேசியவர் “பலவீனமான எதிராளிகளை வென்றதால் இவருக்குப் பின்னிடம்” என்று யாரைப் பற்றியோ சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் மகள் கேட்டாள்: “அம்மா, நான் தோற்றதால் அந்த அக்காவுக்குப் பரிசு போய்விட்டதா?”

அந்த அக்காவோடு இவள் ஆடியிருந்தாள்.

பிப்ரவரி 13, இரவு 9.35 – போட்டி அமைப்பாளர்

காலையிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் எழுதிய வரைவைக் கிழித்துவிட்டேன்.

முதல் நாள் “விளக்கியே ஆக வேண்டும்” என்று எழுதினேன். விளக்கம் வேண்டும் என்பதில் இன்னும் மாற்றம் இல்லை. ஆனால் இந்தக் கணக்கின் ஒவ்வோர் எண்ணும் ஒரு பிள்ளை. 29 என்று நான் கூட்டுவது ஆறு பேரின் ஒரு நாள் உழைப்பு. விலக்குவது ஏழாவது பிள்ளையின் ஒரே வெற்றியை. 64 பேர் கொண்ட பள்ளிப் போட்டியில் “முதல் சுற்றில் அவருக்கு எதிரே ஆடியவர்” என்று சொன்னாலே அது யாரென்று நண்பர்களுக்குத் தெரியும். முதல் சுற்று இணைகள் சுவரில் ஒட்டியிருந்தன.

எண்களைத் தாளில் எழுதி இரு குடும்பங்களுக்கும் தனியே கொடுக்கிறேன். மேடையில் விதியைச் சொல்கிறேன், பிழையைச் சொல்கிறேன், யாருடைய பிழை என்று சொல்கிறேன். “பலவீனமான” என்ற சொல் எங்கும் வராது. கார்ல்சன், கிராம்னிக் கதையும் வேண்டாம். அங்கே அறிவித்த விதி அறிவித்தபடி நடந்தது, இங்கே நடக்கவில்லை. அதைப் பக்கத்தில் வைத்தால் என் பிழைக்குப் போர்வை போடுவதாகிவிடும்.

நாலாம் வகுப்பின் அம்மா, உங்கள் முதல் கேள்வியை நாங்கள் ஒதுக்கிவிட்டுப் போனது சரியில்லை. எல்லாருக்கும் பதக்கம் என்பதை இன்னும் ஏற்கவில்லை. ஆனால் நீங்கள் அரங்கின் பின்வரிசையிலிருந்து பேசினீர்கள் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

பிப்ரவரி 14, காலை 7.10 – கட்டம்64

சோனபோர்ன்-பெர்கர் கணக்கில் மாணவர்தான் முன்னால் இருக்கிறார். முழுக் கூட்டிலும் அவரே. நீங்கள் வைத்த நான்கில் இரண்டு அவர் பக்கம், ஒன்று மாணவி பக்கம், ஒன்று யார் பக்கமும் இல்லை. ஆகையால் உண்மையில் சிறப்பாக ஆடியவர் மாணவர் என்று சொல்லலாம்.

பிப்ரவரி 14, காலை 9.00 – பழைய நடுவர்

டைபிரேக் வாக்கெடுப்பு அல்ல. முதலில் வேறுபாடு காட்டும் விதியோடு கதை முடிந்தது. மேலும் சோனபோர்ன்-பெர்கரில் நீங்கள் வென்ற எதிராளிகளின் புள்ளிகள்தான் முழுதாகச் சேரும். இருவருமே ஒரே சாம்பியனிடம் மட்டும் தோற்றதால் 30இலும் 31இலும் அதே 6.5ஐக் கழித்திருக்கிறீர்கள், 23.5, 24.5. முழுக் கூட்டுச் சொன்னதையே அது திரும்பச் சொல்கிறது. புதுச் சாட்சி இல்லை.

யார் சிறப்பாக ஆடினார் என்று இந்த எண்கள் எவற்றாலும் சொல்ல முடியாது. 28க்கும் 29க்கும் நடுவே திறமை எதுவும் இல்லை. அமைப்பாளரே, இதை உரையில் சொல்லுங்கள்.

பிப்ரவரி 15, இரவு 9.50 – போட்டி அமைப்பாளர்

பேசிவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

“சென்ற வாரம் நான் இங்கே அறிவித்த இரண்டாம் இடம் தவறு. இரண்டு பேர் ஏழு ஆட்டத்தில் ஆறு வென்றார்கள். ஆட்டத்தில் அவர்களுக்குள் வேறுபாடு இல்லை. ஆனால் அடுத்த கட்டத்துக்கு ஒருவரை அனுப்ப வேண்டியிருந்ததால், எப்படித் தேர்ந்தெடுப்போம் என்று போட்டிக்கு முன்பே சுற்றறிக்கையில் எழுதி உங்கள் பள்ளிகளுக்கு அனுப்பினோம். நான் மென்பொருளில் அந்த வரிசையை மாற்றாமல் விட்டுவிட்டேன். கணினி முடிவு செய்தது என்று அன்று சொன்னேன். அது உண்மையில்லை. நாங்கள் எழுதிய விதிப்படி இரண்டாம் இடம் இந்த மாணவியுடையது. தம்பியிடமும் தங்கையிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். தம்பி, நீ எதையும் தவறாகச் செய்யவில்லை. உன் கோப்பை உன்னிடமே இருக்கும். இருவர் ஆடியதையும் அளக்க இந்தக் கணக்கு போதாது. ஒருவரைத் தேர்ந்தெடுக்க மட்டுமே அதை வைத்திருக்கிறோம்.”

அவ்வளவுதான். மாணவி கோப்பையை வாங்கிக்கொண்டு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. அடுத்த கட்டத்தை நடத்துகிறவர்களிடமிருந்து இதுவரை பதில் இல்லை.

பிப்ரவரி 15, இரவு 10.20 – வெள்ளைக்காய்

மாணவர் எப்படி எடுத்துக்கொண்டார்?

பிப்ரவரி 16, காலை 6.40 – போட்டி அமைப்பாளர்

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்தான். நான் கொடுத்த தாளின் பின்பக்கம் முழுக்க எழுதியிருந்தான். “சார், என்னுடைய முதல் எதிராளி இன்னும் ஓர் ஆட்டம் வென்றிருந்தால்?” என்று தொடங்கினான். பதிலையும் அவனே வைத்திருந்தான். 3 என்பது 4 ஆகும். அப்போது குறைந்தவர் 3.5 எடுத்தவராகிவிடுவார், 32இல் அதைக் கழித்தால் 28.5. போதாது.

“ஆனால் ஐந்தாம் சுற்றில் நான் ஆடியவன் கடைசி ஆட்டத்தில் வென்றிருந்தால், அவனுடைய 4 என்பது 5. எனக்கு 29. அப்போது கட் 1 சமம். அடுத்த விதி முழுக் கூட்டு, எனக்கு 32, அவளுக்கு 30.”

ஆமாம் என்றேன்.

“அவன் கடைசி ஆட்டத்தை ஏன் தோற்றான் தெரியுமா சார்?” என்று கேட்டான். தெரியாது. அந்த ஆட்டம் பதினோராம் பலகையில் நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் எழுதிய ஆட்டத் தாள்களைக் கட்டி அலமாரியில் வைத்திருக்கிறோம். நேற்று மாலை இருவரும் உட்கார்ந்து அந்தத் தாளைத் தேடி எடுத்து, காய்களை வைத்து ஆடிப் பார்த்தோம். 34ஆம் நகர்த்தலில் அவன் எதிராளி யானையை விட்டுக்கொடுத்தார். அவனுக்கு வெற்றி கையில் இருந்தது. இரண்டு நகர்த்தலில் மேட் தெரியாமல் காலாளை எடுத்துவிட்டான். அங்கிருந்து எழுத்து கலங்கியிருக்கிறது, மேலே படிக்க முடியவில்லை.